கன்னத்தில் தொடங்கும் சிரிப்பு

ஈழத்துத் தமிழர் வீடுகளில் மூத்தவர்களின் படம் தேடினால் முதலில் கையில் அகப்படுவது அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ எடுத்த படமாகத்தான் இருக்கும். இடப்பெயர்வுகளில் அல்பங்கள் போய்விட்டன. பைக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தவை அட்டைகளும் பத்திரங்களும்தான். கனடாவுக்கு வந்த பிறகு எடுத்த படமும் பெரும்பாலும் அதே வகை. இங்கே கடவுச்சீட்டுப் படம் 50 மி.மீ. அகலமும் 70 மி.மீ. உயரமும் இருக்க வேண்டும். நாடியிலிருந்து உச்சந்தலை வரை 31 முதல் 36 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது.

அந்தப் பெரியவர் காலமான பிறகு, முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்குப் படம் தேவைப்படுகிறது. ஸ்ரௌவ்வில், மார்க்கம், ஸ்காபரோ பக்கங்களில் பழைய படங்களைத் திருத்திக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்களிடம் அப்போது வருகிற கேள்வி ஒன்றுதான்: "அம்மம்மா சிரிக்கிற மாதிரிச் செய்து தருவீங்களோ?" கேட்பவர்களின் நெஞ்சில் இருக்கிற முகம் அட்டையில் இருக்கிற முகம் அல்ல. அவர்கள் கேட்பது நியாயமானது. ஆனால் அப்படிச் செய்த படங்களில் பலவற்றைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிடம் பேசாமல் இருந்து, "வடிவாத்தான் இருக்கு, ஆனால் இது அம்மம்மா இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஏன் அப்படி ஆகிறது? பெரும்பாலும் திருத்துபவர் வாயின் இரண்டு மூலைகளையும் பிடித்து மேலே இழுத்திருப்பார். போட்டோஷொப்பில் `Liquify` என்ற பகுதிக்குள் `Smile` என்றே ஒரு நகர்த்தி இருக்கிறது. அதைத் தள்ளினால் உதடு வளைந்துவிடும். உதட்டுக்கு மேலே உள்ள முகம் முழுவதும் அட்டைப் படத்தின் முகமாகவே நிற்கும். ஒரே முகத்தில் இரண்டு வேறு கணங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பார்ப்பவருக்கு எது பிழை என்று சொல்லத் தெரியாது, ஆனால் உள்ளுக்குள் ஏதோ உறுத்தும். மனித உருவத்துக்கு மிக நெருங்கிவந்து சிறிதளவு மட்டும் பிசகிய உருவம், பொம்மையைக் காட்டிலும் அதிகமாக நம்மை மிரளவைக்கும் என்று யப்பானிய ரோபோ அறிஞர் மசஹிரோ மோரி 1970இல் எழுதினார். பாசத்தோடு செய்த நினைவுப் படம் அப்படி மிரளவைப்பது பெரிய கொடுமை.

இந்தப் பிழையை முதன்முதலில் படம்பிடித்துக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன். பாரிஸில் நரம்பு நோய்களை ஆராய்ந்த அவர், முகத் தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் சுருங்கவைத்து, அந்தக் கணத்தைப் புகைப்படமாக எடுத்தார். 1862இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அவருடைய படங்களில் அடிக்கடி வருகிறவர் பல் விழுந்த, மெலிந்த ஒரு கிழவர். முகத்தில் உணர்ச்சி குறைந்திருந்ததால் மின்சாரம் அவருக்கு வலிக்கவில்லை. கன்னத் தசையில் மட்டும் மின்சாரம் கொடுத்தபோது வாய் அகன்று மேலே போனது, கண் சும்மா இருந்தது. பிறகு அவரை உண்மையாகச் சிரிக்கவைத்தும் படம் எடுத்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்று சிரிக்கும் மனிதர், மற்றது சிரிப்புப் போட்ட முகம்.

சார்ள்ஸ் டார்வின் இந்த இரண்டு படங்களையும் தன் நண்பர்களுக்கும் வீட்டுக்கு வந்தவர்களுக்கும் காட்டிப் பார்த்தார். 1872இல் வெளிவந்த உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் அந்த முடிவை எழுதியிருக்கிறார். இயல்பான சிரிப்பை எல்லோரும் உடனே இனங்கண்டார்கள். மின்சாரச் சிரிப்பைப் பார்த்த 24 பேரில் மூவருக்கு அது என்ன பாவம் என்றே விளங்கவில்லை. மற்றவர்கள் அது ஏதோ சிரிப்புத்தான் என்று கண்டாலும், கெட்ட எண்ணத்தோடு செய்த பகிடி, சிரிக்க முயற்சிக்கிறார் என்றெல்லாம் சொன்னார்கள். குறை கண்ணில்தான் இருக்கிறது என்றார் டுஷேன். கீழ் இமையை இழுக்கும் தசை சுருங்கவில்லை என்பது அவர் கணிப்பு. டார்வின் அதை ஏற்றுக்கொண்டு, அத்துடன் நிற்காமல் இன்னும் கூர்ந்து பார்த்தார். உண்மைச் சிரிப்பில் மேலுதடும் சற்று மேலே உயரும். அந்தப் படத்தில் அது உயரவில்லை. அதனால் மேலுதட்டின் வளைவு விறைப்பாக நிற்கிறது, மூக்கின் ஓரத்திலிருந்து வாய்ப்பக்கம் இறங்கும் மடிப்பும் வேறு விதமாக விழுந்திருக்கிறது, புருவமும் கொஞ்சம் நெரிந்திருக்கிறது என்று எழுதினார். படம் திருத்துபவர்களுக்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த பாடம் அது. கண்ணில் மட்டும் இரண்டு கோடு போட்டுவிட்டால் சிரிப்பு வந்துவிடாது.

அந்தக் கிழவருக்கு வாயில் பல்லே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் அவருடைய உண்மைச் சிரிப்பு உடனே புரிந்தது. சிரிப்புக்குப் பல் கட்டாயமில்லை.

முகத்துக்குள் நடப்பது இதுதான். கன்ன எலும்பிலிருந்து வாய்மூலைக்குச் சாய்வாக இறங்கும் தசை ஒன்று இருக்கிறது. அதற்குச் சைகோமற்றிக்கஸ் மேஜர் என்று பெயர். அது சுருங்கும்போது வாய்மூலையை மேலும் பின்னும் இழுக்கிறது. இழுபட்ட தோலும் கொழுப்பும் போக இடமில்லாமல் கன்ன மேட்டில் திரண்டு உருண்டையாகிறது. கண்ணைச் சுற்றி வளையமாக இன்னொரு தசை ஓடுகிறது. அதன் வெளி வளையம் சுருங்கும்போது கன்னத்தைத் தன் பக்கம் மேலே இழுத்துக்கொள்கிறது. கீழ் இமை சற்று உயர்ந்து தடிக்கிறது, கண்ணின் வெளிமூலையில் சுருக்கம் விரிகிறது. முகபாவங்களை எண்ணிட்டுப் பிரிக்கும் எக்மன், பிரீசன் இருவரின் 1978ஆம் ஆண்டு முறையில் வாய்மூலை இழுப்புக்கு 12 என்றும், கன்ன உயர்வுக்கு 6 என்றும் எண். 12 தனியே வந்தால் மரியாதைச் சிரிப்பு, 6உம் சேர்ந்தால் மனம் நிறைந்த சிரிப்பு என்று பலகாலம் சொல்லிவந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டன. பலரால் கண் சுருக்கத்தையும் வேண்டுமென்றே வரவழைக்க முடிகிறது. வாயை மிக அகலமாக இழுத்தால் கன்னம் தானாக உயர்ந்து கண்ணோரமும் சுருங்கிவிடும். ஆகவே கண் சுருக்கம் மனசுக்குள் மகிழ்ச்சி இருந்தது என்பதற்குச் சாட்சி அல்ல. எங்களுக்குத் தேவையும் அந்தச் சாட்சி அல்ல. வாய் இவ்வளவு தூரம் போயிருந்தால் கன்னமும் கண்ணும் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும் என்ற பொருத்தம்தான் தேவை.

அந்தப் பொருத்தத்தை அளந்து வைத்திருப்பவர்கள் வெகுதூரத்தில் இல்லை. ஸ்ரௌவ்வில் கோ ரயிலில் ஏறி யூனியன் நிலையத்தில் இறங்கினால், யூனிவர்சிற்றி அவென்யூவில் சிக் கிட்ஸ் சிறுவர் மருத்துவமனையும் ரொறொன்ரோ ஜெனரல் மருத்துவமனையும் அடுத்தடுத்து நிற்கின்றன. முக நரம்பு செயலிழந்து சிரிக்க முடியாமல் போனவர்களுக்கும், மோபியஸ் என்ற பிறவிக் குறைபாட்டால் இரண்டு பக்கமும் முகம் அசையாத பிள்ளைகளுக்கும் சிரிப்பை மீட்டுக் கொடுக்கும் அறுவைச் சிகிச்சையில் உலக அளவில் அறியப்பட்ட நகரம் ரொறொன்ரோ. ரால்ஃப் மாங்க்டெலோ, ரொனால்ட் சூக்கர் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் அதற்கு முக்கிய காரணம்.

உட்தொடையில் கிராசிலிஸ் என்று ஒரு நீண்ட, மெல்லிய தசை உண்டு. அதில் ஒரு துண்டை எடுத்தாலும் நடையில் பெரிய குறை தெரியாது. அந்தத் துண்டை அதன் இரத்தக் குழாய்களோடும் நரம்போடும் எடுத்துக் கன்னத்துக்குள் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் குழாய்களை இணைக்கிறார்கள். நரம்பை, முகத்தின் நல்ல பக்கத்திலிருந்து ஒட்டுநரம்பு வழியாகக் கொண்டுவந்த கிளையோடு இணைக்கலாம். அல்லது பல்லைக் கடிக்கும் தசைக்குப் போகும் நரம்போடு இணைக்கலாம். இரண்டாவது வழியில் சிகிச்சை பெற்றவர் முதலில் பல்லைக் கடித்துத்தான் சிரிக்கிறார். பயிற்சி ஆக ஆக, கடிக்காமலே சிரிக்கப் பலர் பழகிவிடுகிறார்கள்.

இந்த வேலையில் படம் செய்பவர் கற்றுக்கொள்ள வேண்டியது தையலுக்கு முன்னர் நடப்பது. தசையின் மேல் நுனி எந்த இடத்தில் பொருந்த வேண்டும், எந்தச் சாய்வில் ஓட வேண்டும் என்பதை அந்த மனிதரின் மறுபக்கச் சிரிப்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். வாய்மூலையிலும் மேலுதட்டு ஓரத்திலும் முதலில் தையல் நூல்களைப் போட்டு, அவற்றை மெல்ல இழுத்துப் பார்க்கிறார்கள். மூக்கோரத்து மடிப்பு சரியான இடத்தில் விழுகிறதா என்று சோதிக்கிறார்கள். விழாவிட்டால் நூலின் இடத்தை மாற்றுகிறார்கள். வாய் சரியான தூரம் போயும் மடிப்பு பிழையான இடத்தில் விழுந்தால் அந்தச் சிரிப்பு அந்நியமாகத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். டார்வின் கண்ணால் கண்டதை இவர்கள் நூலால் இழுத்துப் பார்க்கிறார்கள்.

இயல்பான சிரிப்பில் வாய்மூலை எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதையும் மாங்க்டெலோவின் குழு 1994இல் அளந்து வெளியிட்டது. சராசரி 14 மி.மீ. ஆளுக்கு ஆள் 7 மி.மீ. முதல் 22 மி.மீ. வரை வேறுபட்டது. இந்த மூன்று எண்களும் எனக்குத் தினமும் உதவுகின்றன.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். எழுபது வயது கடந்த ஓர் அம்மம்மாவின் கடவுச்சீட்டுப் படம். நெற்றியில் பொட்டு, இடப்பக்கம் மூக்குத்தி, வாய் இறுக மூடியிருக்கிறது. நேரே முன்னாலிருந்து அடித்த மின்வெளிச்சத்தில் எடுத்த படம். அதைப் பெரிதாக்கி ஸ்கான் செய்தபின் இரண்டு கண்மணிகளின் நடுவுக்கும் இடையே 310 புள்ளிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்தவர்களுக்கு அந்த இடைவெளி சராசரியாக 62, 63 மி.மீ. அப்படியானால் முகத்தின் ஒரு மி.மீ.க்குப் படத்தில் ஐந்து புள்ளிகள். 14 மி.மீ. என்பது 70 புள்ளிகள். வாய்விட்டுச் சிரிக்கும் படம் கல்வெட்டின் அட்டைக்குப் பொருந்தாது. ஆதலால் ஏழு, எட்டு மி.மீ. போதும். அதாவது 35 முதல் 40 புள்ளிகள். கையால் உத்தேசமாக இழுப்பவர்கள் இதைவிடக் குறைவாக இழுத்துவிட்டு, போதாது என்று மூலையை மேல்நோக்கி வளைப்பார்கள். அப்போதுதான் கோமாளி வாய் வருகிறது. மூலை மேலே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் காதுப் பக்கமாகப் போகிறது.

ஆனால் வாயில் தொடங்கவே கூடாது. நான் கண்ணில் தொடங்குகிறேன். கீழ் இமையின் விளிம்பை ஒன்று, ஒன்றரை மி.மீ. மேலே கொண்டுவந்தால் கருவிழியின் கீழ் ஓரம் கொஞ்சம் மறைகிறது. இமைக்குக் கீழே ஒரு சிறிய தடிப்பு வருகிறது. மேல் இமையைத் தொடுவதில்லை. அதை இறக்கினால் தூக்கக் கண்ணாகிவிடும். புருவத்தின் வெளிநுனியும், புருவத்துக்கும் மேல் இமைக்கும் இடையே உள்ள தோலும் ஒரு மயிரிழை கீழே இறங்க வேண்டும். பெரும்பாலானோர் கவனிக்காத அடையாளம் இது. அகன்ற சிரிப்பில் கன்னமும் கண்ணோரச் சுருக்கமும் வாயின் இழுப்பாலேயே வந்துவிடலாம். ஆனால் கண்வளையத் தசை உண்மையிலேயே சுருங்கியதைத் தனியாகக் காட்டிக்கொடுப்பது இந்தச் சிறு இறக்கம்தான். பொட்டும் நெற்றியும் அசைவதில்லை. எதையாவது தவறாக நகர்த்திவிட்டேனா என்று பார்க்க எனக்குப் பொட்டுத்தான் நிலையான புள்ளி.

கண்ணோரச் சுருக்கத்தைப் புதிதாகக் கீறுவதை நான் தவிர்க்கிறேன். எழுபது வயது முகத்தில் அந்தக் கோடுகள் ஓய்விலும் மங்கலாக இருக்கும். அவற்றையே நெருக்கி, சற்று ஆழமாக்கினால் போதும். கோடுகள் ஒரே நீளமாகவும் ஒரே இடைவெளியாகவும் இருந்தால் விசிறிப் படம்போல் ஆகிவிடும். உண்மையில் ஒன்றிரண்டு நீண்டு கன்னத்தை நோக்கி வளைந்து இறங்கும், மற்றவை குட்டை. இடக்கண்ணிலும் வலக்கண்ணிலும் அவை ஒரே மாதிரி இருக்கவும் மாட்டா. சின்னப்பிள்ளைகளின் படத்தில் இந்தக் கோடுகளே வேண்டாம். அவர்களுக்குக் கீழ் இமைத் தடிப்பும் கன்ன உருண்டையும் போதும். ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணோரத்தில் கோடு போட்டால் சிரிப்பு வராது, வயதுதான் வரும்.

அடுத்தது கன்னம். கன்னத்தை வீங்கவைக்க வேண்டியதில்லை, அதன் ஒளியை நகர்த்த வேண்டும். ஓய்வு முகத்தில் வெளிச்சம் படும் இடம் கன்னத்தின் நடுவில் பரந்து கிடக்கும். சிரிக்கும்போது அது சுருங்கி, மேலே கண்ணை நோக்கி ஏறும். அதற்குக் கீழே ஒரு மென்மையான நிழல் வரும். மூக்கோரத்து மடிப்பை வெறுமனே கறுப்பாக்குபவர்கள் சிரிப்பைக் கொண்டுவருவதில்லை, களைப்பைக் கொண்டுவருகிறார்கள். மடிப்பு ஆழமாவதோடு இடமும் வடிவமும் மாறுகிறது. மூக்கு ஓரத்தில் தொடங்கும் மேல் பகுதி வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, நேர்க்கோடாக இறங்கிய மடிப்பு வாயைச் சுற்றி வில்லாக வளைகிறது. மூக்கு மடலும் அகன்று கொஞ்சம் உயர்கிறது. அம்மம்மாவின் மூக்குத்தி அந்த மடலில்தான் குத்தியிருக்கிறது. அதுவும் கூடவே நகர வேண்டும். வாயும் கன்னமும் சிரிக்க, மூக்குத்தி மட்டும் பழைய இடத்தில் நின்றால் எங்கோ பிழை என்று கண் சொல்லிவிடும். மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால், உயர்ந்த கன்னம் கண்ணாடியின் கீழ் விளிம்பைத் தொடும், சிலருக்கு அதை மேலேயும் தள்ளும். அப்படித் தொடும் இடத்தில் நிழல் மாறும்.

நேரடி மின்வெளிச்சத்தில் எடுத்த கடவுச்சீட்டுப் படத்தில் நிழல்கள் மிகக் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வெளிச்சத்தில் உண்மையான சிரிப்பே நடந்திருந்தாலும் மடிப்புகள் மங்கலாகத்தான் பதிந்திருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த சிரிப்புப் படத்தைப் பார்த்து அதே ஆழத்தில் நிழல் போட்டால், முகத்துக்கு ஒரு வெளிச்சமும் சிரிப்புக்கு இன்னொரு வெளிச்சமும் ஆகிவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உதடு. பெரும்பாலும் அப்போது உதட்டில் செய்ய மிஞ்சுவது கொஞ்சம்தான். உதடு அகலும்போது மெலிய வேண்டும். தடிப்பு மாறாமல் அகலம் மட்டும் கூடினால் ரப்பர் உதடாகத் தெரியும். மேலுதட்டின் நடு வளைவு தட்டையாகி, மூக்குக்கும் உதட்டுக்கும் இடைப்பட்ட தூரம் குறையும். மூலையில் ஒரு சிறு நிழற்குழி விழும். இரண்டு மூலைகளும் ஒரே உயரத்தில் இருக்கத் தேவையில்லை. யாருடைய சிரிப்பும் சரிசமமாக இருப்பதில்லை. ஒருபக்கத்தைத் திருத்திவிட்டுக் கண்ணாடி பிம்பமாக மறுபக்கத்தில் ஒட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும், முகத்தைக் கொன்றுவிடும்.

இனிப் பல். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மேல்வரிசைப் பல் மண்டையோட்டில் பதிந்திருக்கிறது. சிரிக்கும்போது அது அசைவதில்லை, அகலுவதில்லை, வளைவதில்லை. உதடு என்ற திரைதான் விலகுகிறது. ஆகவே வாயை அகலமாக்கும்போது பல்லையும் சேர்த்து இழுப்பது பெரும் பிழை. மேல்வரிசையின் நடுப்பல் ஒன்று ஏறத்தாழ எட்டரை மி.மீ. அகலம். அதற்கு அடுத்தது இரண்டு மி.மீ. அளவு ஒடுங்கியது. வரிசை வில்லாகப் பின்னோக்கி வளைவதால், முன்னாலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு பல்லும் முந்தையதைவிட ஒடுங்கியும் இருண்டும் தெரியும். வாய்மூலைக்கும் கடைசியாகத் தெரியும் பல்லுக்கும் இடையே ஓர் இருட்டு இடைவெளி இருக்கும். அந்த இருட்டை நிரப்பிப் பல் வரைந்தால் பியானோக் கட்டைகளைப்போல ஒரு தட்டையான வெள்ளைப் பட்டை வந்துவிடும். பல்லுக்குப் பல் கோடு கீறவும் கூடாது. நுனியில் இரண்டு பற்கள் சந்திக்கும் இடத்தில் உள்ள சிறு முக்கோண நிழல் போதும், மீதியைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும்.

கீழ்வரிசை தாடையோடு அசைவது. புன்னகையில் தாடை அதிகம் இறங்குவதில்லை. மேல்வரிசையும் கீழ்வரிசையும் முழுதாகத் தெரிந்து, இரண்டும் ஒட்டி நின்றால் அது சிரிப்பாகப் படாது, பல்லைக் கடித்து வலியைத் தாங்குவதாகப் படும். பல் தெரியும் சிரிப்பும் ஒரே வகை அல்ல. அமெரிக்க அறுவை மருத்துவர் ரூபின் 1974இல் சிரிப்புகளை மூன்றாகப் பிரித்தார். வாய்மூலை முதலில் உயரும் சிரிப்பு, கோரைப்பல் இருக்கும் இடத்தில் மேலுதடு முதலில் உயரும் சிரிப்பு, மேல் கீழ் இரண்டு வரிசையும் தெரியும் சிரிப்பு. அவர் பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முதல் வகை, மூன்றாவது வகை நூற்றுக்கு இரண்டுதான். அம்மம்மா எந்த வகை என்று தெரியாமல் பல் வைப்பது, அவருக்கு வேறொருவரின் சிரிப்பைக் கொடுப்பது.

வயதின் கணக்கு இன்னும் முக்கியமானது. விக், புருண்டோ என்ற இரு பல் மருத்துவ ஆய்வாளர்கள் 1978இல் ஓர் அளவீட்டை வெளியிட்டார்கள். உதடு தளர்ந்து ஓய்வாக இருக்கும்போது, 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மேல் நடுப்பல் மூன்று மி.மீ.க்குச் சற்று அதிகமாகத் தெரிந்தது. 60 வயது கடந்தவர்களுக்கு அது தெரியவேயில்லை. அதற்குப் பதிலாகக் கீழ்ப்பல் ஏறத்தாழ மூன்று மி.மீ. தெரிந்தது. வயதாக ஆக உதடுகள் தளர்ந்து கீழே இறங்குவதுதான் காரணம். சிரிக்கும்போதும் அந்த வித்தியாசம் முழுதாக மறைவதில்லை. எழுபது வயது முகத்துக்கு மேல்வரிசை முழுவதும் பளிச்சென்று தெரியும் வாயை வைத்தால், இருபது வயதுப் பெண்ணின் வாய் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிள்ளைகள் "இது அம்மம்மா இல்லை" என்று சொல்வதற்கு அதிகமான நேரங்களில் இதுவே காரணம்.

நிறமும் அப்படித்தான். பல் காகித வெள்ளை அல்ல. மேலுதட்டின் நிழல் அதன்மேல் எப்போதும் விழுகிறது. முரசுப் பக்கம் மஞ்சள் கூடும், கோரைப்பல் நடுப்பல்லைவிட இருண்டது. முகத்தில் எல்லாவற்றையும்விடப் பல்லே வெளிச்சமாகத் தெரிந்தால் அது கூடிவிட்டது என்று பொருள். வெற்றிலை போட்ட அம்மம்மாவின் பல்லில் காவிக்கறை இருந்திருக்கும். ஒரு பல் விழுந்திருக்கலாம். அவற்றை வெள்ளையடித்து, விழுந்த பல்லை நட்டுக் கொடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேரப்பிள்ளைகள் தேடுவது அந்த இடைவெளியைத்தான்.

ஆகவே என் வழக்கம் இது. அந்த மனிதர் பல் தெரியச் சிரித்த படம் ஒன்றாவது கிடைத்தால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதிலுள்ள பல் வரிசையையும் உதட்டுக்கோட்டையும் வைத்துச் செய்வேன். கிடைக்காவிட்டால் பல் வைக்க மாட்டேன். மூடிய வாயில் வரும் புன்னகையோடு நிறுத்துவேன். கண்ணும் கன்னமும் சரியாக வந்தால், மூடிய வாய் போதும்.

வேலை முடிந்ததும் பிழை பார்க்க இரண்டு வழிகள் உண்டு. மூக்கின் நடுவுக்குக் கீழே ஒரு கடதாசியால் மறைத்துப் பாருங்கள். மேல்பாதி மட்டும் சிரிக்கிறதா? அது அட்டைப் படமாகவே தெரிந்தால், வாயில் எவ்வளவு உழைத்தாலும் பயனில்லை, மீண்டும் கண்ணுக்குப் போக வேண்டும். பிறகு மேல்பாதியை மறைத்துவிட்டு, கீழ்பாதி அதே அளவு சிரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பாதியும் ஒரே அளவில் சிரிக்க வேண்டும். அடுத்ததாகப் படத்தை இடம்வலமாகத் திருப்பிப் பாருங்கள். நெடுநேரம் பார்த்துப் பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல் அப்போது வெளியே தெரியும். தலைகீழாகத் திருப்பிச் சோதிக்காதீர்கள். தலைகீழான முகத்தில் கண், வாய்ப் பிழைகளை மனித மூளை பிடிப்பதில்லை என்பதைப் பிரித்தானிய உளவியலாளர் பீற்றர் தொம்சன் 1980இல் மார்கிரெட் தட்சரின் படத்தை வைத்தே காட்டினார்.

உயிரோடு இருப்பவரைப் படம் எடுக்கும்போது இவ்வளவு பாடும் தேவையில்லை. ஆனால் "சிரியுங்கோ" என்று சொல்லிவிட்டு, கமராவைச் சரிசெய்துகொண்டே ஒருவரைக் காத்திருக்க வைக்காதீர்கள். உண்மையான புன்னகை பொதுவாக நான்கு வினாடிக்குள் வந்து போய்விடும். அதற்குமேல் பிடித்து வைத்திருக்கும்போது கண்வளையத் தசை முதலில் தளர்கிறது, வாய் மட்டும் மிஞ்சுகிறது. சாமத்தியவீட்டு அல்பங்களிலும் கலியாண அல்பங்களிலும் மேடைப் படங்கள் விறைத்திருக்க, பந்தியில் எடுத்த படங்கள் உயிரோடு இருப்பதற்கு இதுதான் காரணம். கமராவை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்து, வாய்விட்டுச் சிரித்து அடங்கும் அந்த ஓரிரு வினாடியில் எடுங்கள். வாய் பாதி மூடியிருக்கும், கன்னம் இன்னும் இறங்கியிருக்காது.

பழைய படம் திருத்தக் கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடவுச்சீட்டுப் படத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். யாரோ ஒருவரின் கலியாணத்தில் நான்காவது வரிசையில் நகம் அளவு முகமாக அவர் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் சொந்தக்காரர் வீட்டில் எங்காவது இருக்கும். வீடியோ கசற்றில் மூன்று வினாடி கடந்துபோகும் முகமாக இருந்தாலும் பரவாயில்லை. அதைத் தேடி எடுத்து, வெட்டாமல், அழுத்திச் சிறிதாக்காமல் கொண்டுவாருங்கள். பல் எவ்வளவு தெரிந்தது, எந்தப் பக்கம் முதலில் உயர்ந்தது, கண் எவ்வளவு சுருங்கியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன.